தண்டில் மின்னோட்டம் மேலா, கீழா?

"காந்தப்புலம் தாளுக்குள், இரு இணைத் தண்டவாளங்களின் மீது தண்டு வலப்பக்கம் நகர்கிறது, அவற்றை இணைக்கும் மின்தடை இடப்பக்கம். தண்டின் மேல்முனை நேர்மின்முனை என்று வருகிறது. அப்படியானால் தண்டில் மின்னோட்டம் மேலிருந்து கீழாகத்தானே? விடையில் தலைகீழாக இருக்கிறது."

மேல்முனை நேர் என்பது சரிதான். ஆனால் இங்கே தண்டுதான் மின்கலம். மின்கலத்துக்குள் மின்னோட்டம் எதிர்முனையிலிருந்து நேர்முனைக்குப் போகும். ஆகவே தண்டில் மேல்நோக்கி, மின்தடையில் கீழ்நோக்கி, சுற்றில் இடஞ்சுழியாக.

விசையை வைத்துச் சரிபாருங்கள். B = 0.4 T, L = 0.5 m, v = 3 m/s, R = 0.2 Ω என்றால் மின்னியக்கு விசை BLv = 0.6 V, மின்னோட்டம் 3 A. தண்டின் மீது BIL = 0.6 N இடப்பக்கம், அதாவது இயக்கத்தைத் தடுக்கும் திசையில். நீங்கள் சொன்ன திசை என்றால் விசை வலப்பக்கம் தள்ளும். தண்டு தானாகவே வேகமெடுக்கும். ஆற்றல் எங்கிருந்து வரும்?