ஏலம் போன ஆரம்

கேள்வி: 2021-இல் கேரட் பயிர் போடுவதற்காக மனைவியின் ஐந்து பவுன் ஆரத்தை அவளுக்குத் தெரியாமல் தனியார் நிதி நிறுவனத்தில் அடகு வைத்தேன். விலை விழுந்தது, மீட்க முடியவில்லை, ஏலத்தில் போய்விட்டது. பேங்க் லாக்கரில் இருப்பதாகவே நம்புகிறாள். தை மாதம் அவள் தம்பிக்குக் கல்யாணம். சொன்னால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாளோ என்று பயம். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், கேத்தி.

பதில்: போனாலும் போவார். போகவிடாமல் சொல்வதற்கு வழி கிடையாது. ஆனால் மண்டபத்தில் மாமியார் "ஆரம் எங்கேடி?" என்று கேட்டு விஷயம் வெளியே வந்தால், அவர் திரும்பி வருவதே சந்தேகம்.

முதலில் அடகு ரசீதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு அந்த நிறுவனத்துக்குப் போய் ஏலக் கணக்கைக் கேளுங்கள். அசல், வட்டி, செலவு போக மிச்சம் இருந்தால் கடன் வாங்கியவரிடம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அப்போது இத்தகைய நிறுவனங்கள் நகை மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் கடன் தரக்கூடாது. அதனால் வட்டி ஏறியிருந்தாலும் ஏதாவது மிஞ்சியிருக்கலாம். கணக்கு வரவில்லை என்று சாக்குச் சொல்லி மாதக்கணக்கில் இழுக்காதீர்கள். ஒரு வாரம் போதும்.

பிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன ஒரு காலை நேரத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். "உன் ஆரம் லாக்கரில் இல்லை. நான்தான் அடகு வைத்தேன், ஏலத்தில் போய்விட்டது." இதுதான் முதல் வாக்கியம். கேரட் விலை, உரச் செலவு எல்லாம் அவர் கேட்டால் மட்டும். "குடும்பத்துக்காகத்தானே செய்தேன்" என்று ஆரம்பித்தீர்களோ, கெட்டது. ஏல நோட்டீஸை ஒளித்திருந்தால் அதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பாதியை இன்றும் மீதியை அடுத்த மாதமும் சொன்னால், இன்னும் என்ன பாக்கி இருக்கிறதோ என்றுதான் அவர் நினைப்பார். "வேறு யாருக்குத் தெரியும்?" என்று கட்டாயம் கேட்பார். உங்கள் அம்மாவுக்கோ கூட்டாளிக்கோ தெரியுமென்றால் மறைக்காதீர்கள். நகை போனதைவிட அதுதான் அதிகம் சுடும்.

கடனாக வாங்கிய தொகையைச் சொல்லிக் கணக்கை முடிக்கப் பார்க்காதீர்கள். போனது 40 கிராம் தங்கம், கணக்கு இன்றைய விலையில்தான். சட்டமும் அவர் பக்கம்தான்: அம்மா வீட்டில் போட்ட நகை மனைவியின் ஸ்த்ரீதனம், கணவனுக்கு அதில் பங்கில்லை. கஷ்டத்துக்கு எடுத்தாலும் திருப்பித்தரும் கடமை உண்டு என்று 2024-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் எத்தனை கிராம் வாங்கித் தர முடியும் என்று எழுதிக் கொடுங்கள். இதற்காகப் புதுக்கடன் வாங்காதீர்கள்.

மன்னிப்பாயா என்று அன்றைக்கே நச்சரிக்கவும் வேண்டாம். கல்யாணத்துக்கு எதைப் போட்டுக்கொள்வது, அம்மா வீட்டில் என்ன சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். நீங்களாகக் கவரிங் ஆரம் வாங்கிவந்து நீட்டிவிடாதீர்கள்.