அம்மாவின் காரியச் செலவு: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம். மூன்று வருடத்துக்கு முன் அப்பா இறந்தபோது கருமாதிக்காக ஒரு லட்சத்து இருபதாயிரம் கடன் வாங்கினேன், மூன்று ரூபாய் வட்டிக்கு. மாதம் 3,600 வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறேன், முதல் அப்படியே நிற்கிறது. இப்போது அம்மா ஆறு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். இன்னொரு தடவை கடன் வாங்கினால் எழுந்திருக்க முடியாது. அம்மா உயிரோடு இருக்கும்போதே இந்தக் கணக்கைப் போடுவது பாவமாகவும் இருக்கிறது. மனைவியிடம் மூன்று பவுன் சங்கிலி இருக்கிறது. பிள்ளை படிப்புக்காக அதைத் தொடாமல் வைத்திருக்கிறோம். எனக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. என்ன செய்யலாம்?
(பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பாவம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றி. எங்கள் பெரியம்மா கடைசி நாலைந்து வருடம் முதியோர் உதவித்தொகையில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அரிசிப் பானைக்குள் முடிந்து வைத்திருந்தார். ‘என்னத் தூக்கிப் போடுறதுக்கு யார்ட்டயும் போய் நிக்கக்கூடாது’ என்று எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தார். எடுத்து எண்ணியபோது 22,000 ரூபாய் இருந்தது. நம் ஊர்ப்பக்கம் வயதான பெண்கள் பலர் இப்படித் தங்கள் எழவுக்குத் தாங்களே காசு சேர்த்து வைப்பார்கள். அவர்களுக்கே கூச்சமில்லாத கணக்கு இது. நீங்கள் தாராளமாகப் போடலாம்.

அந்தக் கணக்கை பழைய கடனிலிருந்து தொடங்குங்கள். மாதம் 3,600 வீதம் 34 மாதத்தில் 1,22,400 ரூபாய் வட்டியாகப் போயிருக்கும். வாங்கிய முதலைவிட அதிகம். சங்கிலியைத் தொடாமல் வைத்திருப்பதாக நினைக்கிறீர்கள், ஆனால் அது பெட்டியில் சும்மா இருக்கும் ஒவ்வொரு மாதமும் உங்களிடமிருந்து பணம் போய்க்கொண்டிருக்கிறது. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் வட்டி ஒரு ரூபாய்க்கு முன்னே பின்னேதான் வரும். அங்கே சங்கிலியை வைத்து ஒரு லட்சத்து இருபதாயிரம் வாங்கி, மூன்று ரூபாய் வட்டிக்காரரிடம் முதலைக் கொடுத்து கடன் நோட்டைத் திரும்ப வாங்கிவிடுங்கள். வெற்றுத்தாளிலோ காசோலையிலோ கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் கையோடு வாங்குங்கள். இனி மாத வட்டி சுமார் 1,200 ரூபாய். மிச்சமாகும் 2,400 ரூபாய்தான் அம்மாவுக்கான சேமிப்பு. தபால் நிலையத்திலோ தனிக் கணக்கிலோ மாதாமாதம் போடுங்கள். நகைக்கடனுக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான் தவணை. அந்தத் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள், தவறவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும்.

இனி காரியம். கடன் எந்த நேரத்தில் உருவாகிறது என்று அப்பா இறந்த நாட்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். எடுத்துப் போட்டுவிட்டு வந்து, குளித்து, முற்றத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். நாலு பெரியவர்கள், ‘பதினாறு எப்ப வச்சுக்கலாம், எத்தன பேருக்குப் போடுறது’ என்று கேட்டிருப்பார்கள். ‘அப்பா மானத்தோட வாழ்ந்தவரு, ஐந்நூறு இலைக்குக் குறையக்கூடாது, கறி போட்டுடுவோம்’ என்று யாரோ ஒருவர் சொல்லியிருப்பார். அழுது சிவந்த கண்ணோடு இருக்கிற மகனால் அந்த நேரத்தில் முடியாது என்று சொல்ல முடியாது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் உங்கள் ஒரு லட்சத்து இருபதாயிரம் முடிவானது. ஆகவே அந்தப் பத்து நிமிடத்துக்கான பதிலை இப்போதே தயாராக்கி வைக்க வேண்டும். அதைச் சொல்லப்போவது நீங்களாகவும் இருக்கக்கூடாது.

யார் சொல்வது? அம்மா சாவில் முதல் பேச்சு பிறந்த வீட்டாருடையது. கோடித்துணி அவர்களிடமிருந்து வர வேண்டும், அவர்கள் வந்து பார்க்காமல் எடுக்கவே மாட்டார்கள். உங்கள் தாய்மாமன், அவர் இல்லையென்றால் அவர் மகன், ‘எங்க அக்காவுக்கு இது போதும், சுருக்கமா முடிச்சுக்கலாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் பங்காளிகள் யாரும் மேலே பேச மாட்டார்கள். அதே வார்த்தையை நீங்கள் சொன்னால் ‘பெத்தவளுக்குக் கணக்குப் பாக்குறான்’ என்பார்கள். அதனால் மாமாவிடம் இப்போதே போங்கள். அப்பா கடனையும் கட்டிய வட்டியையும் மறைக்காமல் காட்டுங்கள். இலை எத்தனை, கறியா சைவமா, பதினாறா அல்லது மூன்றாம் நாளிலேயே பாலோடு சேர்த்து முடிப்பதா என்ற மூன்றையும் அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். இப்போது பல குடும்பங்களில் மூன்று, ஐந்து என்று முடித்துக்கொள்கிறார்கள். பந்தலை இரண்டாவது தடவை போட வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்கும் இன்னொரு பயணம் மிச்சம்.

பெரியம்மா காரியத்தில் கணக்கு நோட்டு என் கையில் இருந்ததால் விவரமாகச் சொல்கிறேன். எடுக்கிற அன்று குளிர்பெட்டிக்கு 4,000, பந்தலுக்கும் நாற்காலிக்கும் 7,000, மேளத்துக்கு 9,000, பாடைக்கும் பூவுக்கும் 8,000, குழி வெட்டியவர்களுக்கு 4,000, டீ, தண்ணீர் கேன், சில்லறை என்று 5,000 ஆயின. மொத்தம் 37,000. முதல் நாள் செலவு கைமீறுவது பெரும்பாலும் ஏவுகிறவர்கள் பலராக இருப்பதால்தான். மச்சான் ஒரு பக்கம் வெடி சொல்லுவார், நண்பர்கள் பேனர் அடிப்பார்கள், வேறொருவர் இன்னொரு செட் மேளத்துக்கு முன்பணம் கொடுத்துவிடுவார். எல்லாம் அன்பில் செய்வதுதான். ஆனால் ஐந்தாம் நாள் பில் உங்கள் வாசலுக்குத்தான் வரும். நாங்கள் பெரியம்மா வீட்டு மருமகனிடம் 40,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்து, ‘எது வேணும்னாலும் இவர்ட்ட மட்டும் கேளுங்க’ என்று சொல்லிவிட்டோம். நீங்களும் அழாமல் நிற்கக்கூடிய ஒருவரை இப்போதே பார்த்து வையுங்கள்.

பதினாறாம் நாளுக்கு ஐந்நூறு இலையும் கறியும் என்றுதான் எங்களுக்கும் சொன்னார்கள். இலைக்கு 300 என்று வைத்தாலே ஒன்றரை லட்சம். பெரியம்மாவின் தம்பிதான் ‘வேணாம்’ என்றார். பிறகு உட்கார்ந்து வீடு வீடாக எழுதினோம். பங்காளிகள் இருபது வீடு, சம்பந்திகள் பன்னிரண்டு, பிறந்த வீட்டு வகை பத்து, தெருவில் பதினைந்து என்று 57 வீடு வந்தது. வீட்டுக்கு இரண்டு மூன்று பேர் என்று 150 இலை. சைவச் சாப்பாடு, இலைக்கு 130 வீதம் 19,500. சடங்கு செய்தவருக்கும், உருமால் கட்டு வேட்டி துண்டுக்கும், மற்றதற்கும் 10,500. ஆக 30,000.

சமையல்காரர் கட்டாயம் ‘ஒரு அம்பது இலைக்குச் சேத்துப் போட்டுக்கங்க, கொறஞ்சா அசிங்கம்’ என்பார். அவர் பயம் நியாயமானதுதான். ஆனால் அதற்காக ஐம்பது இலைக்குச் சமைத்துக் கொட்ட வேண்டியதில்லை. சாம்பாரையும் ரசத்தையும் கொஞ்சம் தாராளமாக வைக்கச் சொல்லுங்கள். பத்துக் கிலோ அரிசியைக் களைந்து தனியாக வைத்து, முதல் பந்தி உட்கார்ந்ததும் கூட்டத்தைப் பார்த்து உலையில் போடச் சொல்லுங்கள். எங்களுக்கு 170 பேர் வந்தார்கள், யாரும் பசியோடு போகவில்லை.

இரண்டு நாள் செலவும் சேர்த்து 67,000. பெரியம்மாவின் 22,000 போக மிச்சம் 45,000 ரூபாயை மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு 15,000 என்று தள்ளிப்போடாமல் மருமகன் கையில் கொடுத்துவிட்டார்கள். உங்கள் வீட்டிலும் மூன்று பேர்தான். அப்பா காரியத்தில் தம்பி, ‘அண்ணே, நீ போட்டு வை, அப்புறம் கணக்குப் பாத்துக்கலாம்’ என்று சொன்னாரா? அந்த அப்புறம் பெரும்பாலும் வருவதில்லை. தம்பி மனம் கெட்டவர் என்பதால் அல்ல, அவருக்கும் ஊருக்குப் போனதும் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் காத்திருக்கும். கொள்ளி வைப்பவர் செலவைத் தாங்க வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் உங்களுக்காக எழுதப்படவில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று தொகையை இப்போதே பேசிக்கொள்ளுங்கள். தங்கையால் குறைவாகத்தான் முடியும் என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மொய் வருமே என்று உங்களிடம் நிச்சயம் யாராவது சொல்லுவார்கள். மொய் சாப்பாடு முடிந்த பிறகு வருவது. பந்தல்காரருக்கும் மளிகைக் கடைக்கும் அதைக் காட்டிக் கடன் சொன்னால், வராத பணத்தை முன்னால் செலவழித்தவராகிவிடுவீர்கள். அதோடு மொய் நோட்டில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் நீங்கள் திரும்பச் செய்ய வேண்டியது. பெரியம்மாவுக்கு 31,000 வந்தது. அதைத் தனிக் கணக்கில் போட்டு, அந்தந்த வீட்டு விசேஷத்துக்கும் துக்கத்துக்கும் அதிலிருந்தே எடுத்துச் செய்துவருகிறார்கள்.

கடைசியாக அம்மாவின் வங்கிக் கணக்கு. அவர் பெயரில் எவ்வளவு இருந்தாலும் இறந்த பிறகு பதினாறு நாளுக்குள் கைக்கு வரும் என்று நம்ப முடியாது. இறப்புச் சான்றிதழ் வேண்டும், மனு கொடுக்க வேண்டும். கையில் பணம் இருந்தும் பலர் வட்டிக்கு வாங்குவது இதனால்தான். அவருடைய கார்டை வைத்து ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்லுவார்கள். இறந்த பிறகு அப்படி எடுப்பது சட்டப்படி தவறு, உடன்பிறந்தவர்களுக்குள் சந்தேகத்தையும் கொண்டுவரும். அம்மா தெளிவாகப் பேசுகிறார் என்றால், அவர் சம்மதத்தோடு கணக்கில் உங்களில் ஒருவரையும் சேர்த்து, இருவரில் யாரும் அல்லது உயிருடன் இருப்பவர் எடுக்கலாம் என்ற முறைக்கு மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். குறைந்தது நாமினி நியமனமாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அவர் கைநாட்டு வைப்பவராக இருந்தால் நியமனப் படிவத்தில் இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். படுக்கையில் இருப்பதைச் சொல்லி, வங்கி ஆளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த வசதி உண்டு. இறப்பை 21 நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவதும் அந்த மருமகன் போன்ற ஒருவரின் வேலையாகவே இருக்கட்டும்.

இந்த வாரம் வட்டிக்காரரிடம் முதல் எவ்வளவு என்று உறுதிப்படுத்திக்கொண்டு வங்கிக்குப் போங்கள். அடுத்த ஞாயிறு தம்பியையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போங்கள். அம்மாவிடமும் ஒருநாள் கேளுங்கள், தனக்கு என்ன செய்ய வேண்டும், என்ன வேண்டாம் என்று. அவர் மனதில் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அன்புடன்