12 லட்சம் போட்டாச்சு, இன்னும் 6 கொடுக்கலாமா?

கேள்வி: பல்லடம் பக்கம் 12 சென்ட் இடத்தோட ஒரு ஷெட். பனியன் ஜாப் ஒர்க் யூனிட்டுக்காக 62 லட்சத்துக்குப் பேசி, 14 மாசம் முன்னாடி 8 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, 6 மாசக் கெடு போட்டு அக்ரிமென்ட் பதிவு பண்ணினேன். அப்புறம்தான் அது விக்கிறவரோட அப்பா சொத்து, அவர் தங்கச்சிக்கும் பங்கு இருக்குன்னு தெரிஞ்சுது. தங்கச்சியைச் சரிக்கட்டணும்னு அண்ணன் 2 லட்சம் கேட்டார், கிரயத்துல கழிச்சுக்கலாம்னார். பேங்க்ல போட்டேன். வக்கீல், சர்வேயர் செலவு 60 ஆயிரம். அட்வான்ஸுக்காக அடகு வச்ச நகைக்கு வட்டி இதுவரைக்கும் 1.4 லட்சம். இப்போ தங்கச்சி கையெழுத்துப் போடறதுக்கு விலைக்கு மேல 6 லட்சம் வேணும்கிறார் அண்ணன். பக்கத்துலயே இதே அளவுல, பத்திரம் சுத்தமா, இன்னொரு ஷெட் 63 லட்சத்துக்கு வருது. வீட்டுல விட்டுடுங்கன்னு சொல்றாங்க. 12 லட்சம் போட்டுட்டு எப்படிங்க விடறது?

பதில்: வணக்கம். அந்த 12 லட்சத்தை ஒரே தொகையாகப் பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அதில் இரண்டு வகைப் பணம் கலந்திருக்கிறது. வக்கீல், சர்வேயர், நகை வட்டி என்று போன 2 லட்சம் போனதுதான். இந்த ஷெட்டை வாங்கினாலும் திரும்பாது, விட்டாலும் திரும்பாது. எந்த வழியில் போனாலும் மாறாத தொகைக்கு முடிவெடுப்பதில் இடமே இல்லை, அதை அடித்துவிடுங்கள். அண்ணன் கைக்குப் போன 10 லட்சம் அப்படியல்ல. அது முழுவதும் திரும்பலாம், பாதி திரும்பலாம், வராமலும் போகலாம். அதனால் நீங்கள் கேட்க வேண்டியது "எவ்வளவு போட்டேன்?" என்பதல்ல, "அந்த 10-இல் எவ்வளவு திரும்ப வரும்?" என்பதுதான்.

இன்றிலிருந்து கணக்குப் போடுவோம். இதே ஷெட்டை முடிப்பதென்றால் 62-இல் கொடுத்த 10 போக 52, அதோடு 6, ஆக 58 லட்சம் இனிமேல் எடுத்து வைக்க வேண்டும். விட்டுவிட்டு 63 லட்சம் ஷெட்டுக்குப் போனால், திரும்பி வரும் பணத்தைக் கழித்துக்கொள்ளலாம். 10 முழுதாக வந்தால் உங்களுக்கு ஆவது 53 லட்சம். 8 வந்தால் 55. 5 மட்டும் வந்தால் 58, அதாவது இரண்டு வழியும் சமம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் சேர்க்கவில்லை.

ஆக உங்கள் எல்லைக்கோடு 5 லட்சம். அதற்கு மேல் திரும்ப வரும் என்றால் விடுவது லாபம். ஒரு பைசாவும் வராது என்பது உறுதியானால், 6 லட்சம் கொடுத்து முடிப்பதே 5 லட்சம் மலிவு. எனவே வீட்டில் சொல்வது போல உடனே விட்டுவிடுங்கள் என்று நானும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லமாட்டேன். ஆனால் முதல் வழியில் போட்ட 58 லட்சம், தங்கை நிஜமாகவே கையெழுத்துப் போட்டால்தான் 58 லட்சம். 2 லட்சம் வாங்கியபோதும் அண்ணன் சொன்னது இதே கையெழுத்தைத்தான். அக்ரிமென்ட்டில் தங்கை ஒரு தரப்பாக இல்லை. அண்ணனிடம் நீங்கள் கொடுக்கும் எந்தத் தொகையும் தங்கையைக் கட்டுப்படுத்தாது. 6 கொடுத்த பிறகு அவர் இன்னும் 4 கேட்டால், அப்போது 16 லட்சம் அங்கே மாட்டியிருக்கும். விடுவது இன்றைவிட இன்னும் கஷ்டமாக இருக்கும்.

இப்படித் தோற்றுக்கொண்டிருக்கும் பேரத்தை விடாமல் பிடித்துக்கொள்வதைப் பற்றி பாரி ஸ்டா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1976-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். வணிகவியல் மாணவர்களை ஒரு கம்பெனியின் நிதித் தலைவர் இடத்தில் உட்காரவைத்து, இரண்டு பிரிவுகளில் எதற்கு ஆராய்ச்சிப் பணம் தருவது என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார். சில ஆண்டுகள் கழிந்ததாக வைத்துக்கொண்டு முடிவுகளைக் காட்டி, மறுபடி 2 கோடி டாலரைப் பிரிக்கச் சொன்னார். வேறு சிலருக்கு, முதல் தேர்வு முன்பு இருந்த அதிகாரி செய்தது என்று சொல்லப்பட்டது. தான் தேர்ந்தெடுத்த பிரிவு சரிந்திருப்பதைப் பார்த்தவர்கள்தான் அதற்கு மிக அதிகமாகக் கொடுத்தார்கள். அதே சரிவு பிறருடைய தேர்வாக இருந்தபோது கை அவ்வளவு தாராளமாக நீளவில்லை. போன பணத்தோடு, "நான் எடுத்த முடிவு தப்பில்லை" என்று காட்டும் தேவையும் சேர்ந்துதான் ஆளை இழுக்கிறது.

அதனால் உங்கள் மனைவி சொல்வதற்கு நான் தனி மதிப்புத் தருகிறேன். இடத்தைத் தேர்ந்தெடுத்தவரும் விலை பேசியவரும் நீங்கள். அவருக்கு அந்தப் பாரம் இல்லாததால், இன்று இருக்கும் நிலைமையை அவரால் அப்படியே பார்க்க முடிகிறது. மேலே உள்ள மூன்று எண்களையும் (58, 63, 5) ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். நடந்த கதையைச் சொல்ல வேண்டாம். இன்றுதான் முதன்முதலாக இந்த இரண்டு ஷெட்டும் நம் முன்னால் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொண்டு முடிவு சொல்லச் சொல்லுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள். அவருக்குக் கமிஷன் கிரயம் முடிந்தால்தான்.

எதிர்த்தரப்பையும் பாருங்கள். கேட்கும் தொகை ஒவ்வொரு முறையும் நீங்கள் ஏற்கெனவே போட்டதைவிடக் குறைவாகவே இருக்கிறது. 8 போட்டவரிடம் 2, இப்போது 10 போட்டவரிடம் 6. வேண்டுமென்றே செய்தாலும் செய்யாவிட்டாலும், "இவ்வளவு போட்டவர் இதற்காகப் பின்வாங்கமாட்டார்" என்பதுதான் அந்த விலையின் அடிப்படை. நீங்கள் எழுந்து போகக்கூடியவர் என்று தெரியும் வரை அந்த எண் இறங்காது.

உங்கள் கையிலும் பலமான சீட்டு இருக்கிறது. பதிவு செய்த அக்ரிமென்ட் வில்லங்கச் சான்றில் வரும். அதைப் பார்க்கும் வேறு எந்த வாங்குபவரும், அவருக்குக் கடன் தரும் எந்த வங்கியும், ரத்துப் பத்திரம் எங்கே என்று கேட்பார்கள். ரத்துப் பத்திரத்தில் நீங்கள் கையெழுத்துப் போடாமல் அண்ணனால் இந்த ஷெட்டை நல்ல விலைக்கு எளிதாகத் தள்ள முடியாது. வாங்கிய 10 லட்சத்தை அவர் செலவு செய்திருந்தாலும், ஷெட்டை விற்க வேண்டிய தேவை அவருக்கும் இருக்கிறது.

செய்ய வேண்டியது இப்படி. முதலில், போனிலோ வாட்ஸ்அப்பிலோ "எனக்கு இந்த இடம் வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். காரணமில்லாமல் வாங்குபவரே பின்வாங்கினார் என்று ஆகிவிட்டால் அட்வான்ஸைப் பறிமுதல் செய்ய அவருக்கு வழி பிறக்கும். விற்பவரால் தெளிவான உரிமை தர முடியாததால் கிரயம் நின்றால், கொடுத்த பணத்துக்கு அந்தச் சொத்தில் அண்ணனுக்கு உள்ள பங்கின் மீது உங்களுக்குப் பாத்தியதை உண்டு, சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 55 இதைச் சொல்கிறது. எனவே வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். மீதிப் பணத்தோடு நான் தயார், 30 நாளுக்குள் தங்கையையும் சேர்த்துக் கிரயம் முடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் 10 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கட்டும். வங்கியின் கடன் அனுமதிக் கடிதமோ கணக்கு இருப்போ, பணம் தயார் என்பதற்கு ஓர் ஆதாரம் கையில் வேண்டும்.

இந்த 30 நாளுக்குள் தங்கை நேரில் வந்தால் பேசலாம். ஆனால் அண்ணன் கையில் இனி ஒரு ரூபாய்கூட வேண்டாம். தங்கையும் கிரயப் பத்திரத்தில் விற்பவராகக் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கான தொகை பதிவன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் அவர் பெயருக்கான டிடியாகப் போக வேண்டும், அந்த விவரம் பத்திரத்திலும் ஏற வேண்டும். எவ்வளவு வரை போகலாம்? கொடுத்த 10-இல் 8 லட்சம் வரை திரும்பும் என்று நீங்கள் நம்பினால், விட்டுப் போகும் வழியின் செலவு 55. இந்த ஷெட்டுக்கு மீதி 52. ஆக தங்கைக்கு 3 லட்சம், அதற்கு மேல் இல்லை. நோட்டீஸ் போகும் முன்பே இந்த 3-ஐயும் கெடு தேதியையும் எழுதி மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். பேச்சு சூடாகும்போது "இன்னும் ஒரு அரை லட்சம்தானே" என்று தோன்றும். அந்த முடிவை மாற்றும் உரிமை அவரிடம் மட்டும் இருக்கட்டும்.

கெடு தாண்டினால் பணத்தைத் திரும்ப வாங்கும் பேச்சுக்குப் போங்கள். கோர்ட்டுக்குப் போய் 10 முழுவதும் வாங்குவேன் என்று இறங்கும் முன், நகை வட்டியைப் பாருங்கள். மாதம் 10 ஆயிரம் ஓடுகிறது. வழக்கு 3 ஆண்டு இழுத்தால் வட்டி மட்டும் 3.6 லட்சம், வழக்குச் செலவு 1 லட்சம் என்று வைத்தால் 10-இல் மிஞ்சுவது 5.4. கோர்ட் வட்டி போட்டுத் தீர்ப்பளித்தால் கொஞ்சம் கூடும், அதை நம்பிக் கணக்கு வேண்டாம். இந்த வட்டி இனிமேல் ஆகப்போகும் செலவு, போன 1.4 லட்சம் போல அடித்துவிட முடியாது. அதனால் அண்ணன் இரண்டு மாதத்துக்குள் 8 கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், 7 என்றாலும் யோசிக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் டிடி உங்கள் கையில், ரத்துப் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். தவணை, பின்தேதி காசோலை எதற்கும் ரத்துப் பத்திரம் கொடுக்காதீர்கள்.

பேச்சு முறிந்தால் வழக்குப் போடும் உரிமை இருக்கிறது, ஆனால் அதற்கும் கெடு உண்டு. கிரயத்தை முடித்துத் தரச் சொல்லி வழக்குப் போட, அக்ரிமென்ட்டில் குறித்த தேதியிலிருந்து 3 ஆண்டுதான். உங்கள் 6 மாசக் கெடு முடிந்து ஏற்கெனவே 8 மாதம் ஆகிவிட்டது. மனுவில் முன்பணத்தைத் திருப்பித் தரும் கோரிக்கையையும் மாற்றாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அதைக் கேட்காமல் விட்டால் கோர்ட் தானாகத் தராது.

63 லட்சம் ஷெட்டுக்கு இப்போதே டோக்கன் கொடுத்துவிட வேண்டாம், நோட்டீஸ் கெடு முடியட்டும். அந்த இடத்தின் தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் வாங்கிப் பார்க்க இந்த 30 நாள் போதும். வாரிசு வழி வந்த சொத்து என்றால் வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லோரும் அக்ரிமென்ட்டிலேயே கையெழுத்துப் போட வேண்டும், அப்போதுதான் அட்வான்ஸ்.