படைப்பு வீட்டில் சம்பளக் கேள்வி

“வயசு 31. காரைக்குடியில மாசம் 38,000 சம்பளம். சித்தப்பா மகன் சிங்கப்பூர்ல, கல்யாணமும் ஆயிருச்சு. பங்காளிக எல்லாம் கூடி முன்னோரைக் கும்பிடுற படைப்புக்குப் போனாலே மனசு சுருங்குது.”

தம்பி, ஊர்க் கோடீஸ்வரரைப் பார்த்து நமக்கு வலிக்காது. ஒரே வளவுல கூட ஓடி விளையாடினவனைப் பார்த்தாத்தான் வலிக்கும். நம்மை ஒத்தவங்களோடதான் நம்மை அளந்துக்குவோம்னு உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லயே எழுதிட்டார்.

எனக்கும் அப்படி ஒரு பங்காளி இருந்தான். ஒருநாள் ராத்திரி முகப்புத் திண்ணையில கணக்கை அவனே சொன்னான்: சம்பளம் 4,000 டாலர். அறை வாடகை 1,100, சாப்பாடு, பஸ் 600, வீட்டுக் கடனுக்கு 1,500. மிச்சம் 800. நானோ முழு 4,000-ஐயும் ரூபாயில பெருக்கி வச்சிருந்தேன்! ஆனா மிச்சமே நம்மளதைவிட நிறைய இருந்தா இந்தக் கணக்கு ஆறுதல் தராது.

அப்போ உதவினது வேற. அவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை மியூட் பண்ணேன். படைப்புல உக்காராம சாம்பார் வாளியைத் தூக்கிட்டேன். பந்தியில பரிமாறுறவன்கிட்ட யாரும் சம்பளம் கேக்கிறதில்லை.

கல்யாணம் தனி விஷயம். உங்களுக்கே ஆசை இருந்தா, எப்படிப்பட்ட பொண்ணு வேணும்னு ஆச்சிகிட்ட நேராச் சொல்லிடுங்க. அவன் முந்திட்டான்கிறதுக்காக மட்டும்னா, இந்த வருஷம் பேச்சே எடுக்காதீங்க.