சரக்கு தீர்ந்த நாளும் விற்பனைக் கணக்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. கேட்ட சரக்கு இல்லாமல் வாடிக்கையாளர் வேறொன்றை எடுத்துப் போன நாள்களின் கணக்கை வைத்து அடுத்த ஆர்டரை எப்படிப் போடுவது என்பதே அந்த இடம்.

அம்மாப்பேட்டை, மளிகைக் கடை: ஆடிப் பண்டிகை வாரத்தில் ஒரு கிலோ ஜவ்வரிசி பாக்கெட் தீர்ந்துவிட்டது. அரைக் கிலோ பாக்கெட் வழக்கத்தைப் போல இரண்டு பங்கு விற்றது. அடுத்த ஆடிக்கு அரைக் கிலோவைக் கூடுதலாக எடுக்கலாமா?

கூடாது. ஒரு கிலோ கேட்டு வந்தவர் இரண்டு அரைக் கிலோவை வாங்கிச் சென்றிருக்கிறார், அவ்வளவுதான். அந்த வாரத்துப் பில்களில் அரைக் கிலோ இரண்டிரண்டாகப் போன வரிகளைத் தனியே எடுத்து, அவற்றை ஒரு கிலோ பாக்கெட்டின் கணக்கில் சேருங்கள். வழக்கமாகவே இரண்டு வாங்குவோர் சிலர் இருப்பார்கள் என்பதால், சாதாரண வாரத்தில் அத்தகைய வரிகள் எத்தனை என்று பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்பேட்டை, மளிகைக் கடை: ஒரு லிட்டர் கடலை எண்ணெய் பாக்கெட்டை இரண்டு கம்பெனிகளிடம் வாங்குகிறோம். பில்லிங் சாஃப்ட்வேர் காட்டும் தினசரிச் சராசரி முதல் கம்பெனிக்கு 15, இரண்டாவதற்கு 10. செவ்வாய்தோறும் அதன்படி 105-ம் 70-ம் ஆர்டர் போடுகிறோம். வாரக் கடைசியில் இரண்டும் ஏறக்குறைய அப்படியே விற்றுவிடுகின்றன. ஆனாலும் முதல் கம்பெனி எண்ணெய் இல்லை என்று வாடிக்கையாளர்கள் குறைப்படுகிறார்கள். கணக்கு சரியாக இருக்கும்போது தவறு எங்கே? நாள்வாரி விற்பனையையும் இருப்பையும் இத்துடன் அனுப்பியுள்ளேன்.

நாள்வாரி இருப்பை அனுப்பியதற்கு முதலில் நன்றி. பத்தில் ஒருவர்கூட அதை அனுப்புவதில்லை. நீங்கள் கேட்டிருப்பது நான் பல காலமாகச் சண்டை போட்டுவரும் விஷயம் என்பதால் சற்று நீட்டியே சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய 28 நாள்களில் முதல் எண்ணெய் ஏறக்குறைய 420 பாக்கெட் விற்றிருக்கிறது. சாஃப்ட்வேர் அதை 28-ஆல் வகுத்து 15 என்கிறது. ஆனால் அந்த எண்ணெய் அலமாரியில் இருந்தது 20 நாள்கள்தான். ஒவ்வொரு வாரமும் ஞாயிறும் திங்களும் அது இல்லை. சரக்கே இல்லாத நாளின் பூஜ்யத்தைச் சராசரியில் சேர்க்கக் கூடாது. 420-ஐ 20-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 21 வருகிறது.

இப்போது இரண்டாவது எண்ணெயைப் பாருங்கள். மொத்தம் 280 பாக்கெட். இரண்டும் அலமாரியில் இருந்த 20 நாள்களில் இது 160 போயிருக்கிறது, அதாவது நாளுக்கு 8. முதல் எண்ணெய் இல்லாத 8 நாள்களில் 120 போயிருக்கிறது, அதாவது நாளுக்கு 15. இந்த எட்டுக்கும் பதினைந்துக்கும் இடையில் உள்ள ஏழு பாக்கெட் உண்மையில் முதல் எண்ணெயைத் தேடி வந்தவர்கள் மனமில்லாமல் எடுத்துப் போனவை. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் இப்படி மாற்றிக்கொண்டார்கள். மற்ற 14 பாக்கெட்டுக்கான ஆட்கள் வெறுங்கையுடன் போனார்கள், அல்லது அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். மாதத்துக்கு நூற்றுப்பத்துப் பாக்கெட் விற்பனை எந்தக் கணக்கிலும் பதிவாகாமலே போயிருக்கிறது.

கணக்கு பொருந்தி வருகிறதே என்கிறீர்கள். பொருந்தி வருவதுதான் இந்த நோயின் அறிகுறி. செவ்வாயன்று 105 பாக்கெட் இறக்குகிறீர்கள். நாளுக்கு 21 வீதம் அது சனிக்கிழமையோடு, அதாவது ஐந்தே நாளில் தீர்கிறது. இருப்பதற்கு மேல் விற்க முடியாது என்பதால் வார விற்பனை 105, ஏழு நாள் சராசரி மறுபடியும் 15. இரண்டாவது எண்ணெய் அந்த ஐந்து நாளில் 40-ம், பிந்தைய இரண்டு நாளில் 30-ம் போய் மொத்தம் 70 ஆகிறது. சராசரி மறுபடியும் 10. தவறான ஆர்டர், தன்னைச் சரியென்று காட்டும் விற்பனையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. சாஃப்ட்வேரில் பிழை இல்லை. விற்பனையையும் தேவையையும் ஒன்றென்று நீங்கள் எண்ணிக்கொண்டதுதான் பிழை. இதில் ஒரு வாரம் டிஸ்ட்ரிபியூட்டர் 105-க்குப் பதிலாக 80 அனுப்பிவிட்டால் சராசரி இன்னும் இறங்கும், அடுத்த ஆர்டரும் இறங்கும். ஆறு மாதத்தில் "அந்த எண்ணெய் இப்போது ஓடுவதில்லை" என்று நீங்களே சொல்லத் தொடங்குவீர்கள். நல்ல சரக்குகள் பல இப்படித்தான் கடையை விட்டுப் போயிருக்கின்றன. இரண்டாவது கம்பெனியின் லைன் சேல்ஸ்மேனோ, தம் சரக்கு வளர்ந்துவிட்டதென்று அதே கணக்கைக் காட்டிக் கூடுதலாக இறக்கப் பார்ப்பார்.

ஆகவே வாரத்துக்கு முதல் எண்ணெய் 147, இரண்டாவது 56 என்பதே உங்கள் உண்மைத் தேவைக்கு அருகில் உள்ள அளவு. இரண்டு ஆர்டரையும் ஒரே சமயத்தில் மாற்றுங்கள். முதலாவதை மட்டும் ஏற்றிவிட்டு இரண்டாவதை 70-லேயே விட்டால் வாரம் 14 பாக்கெட் தேங்கும். எனினும் 21 என்பதை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். வார இறுதியில் கிடைக்காமல் செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருந்து வாங்கியவர்களும் அதில் அடக்கம். மறுபக்கம், உங்களிடம் ஒருபோதும் சரக்கு இல்லாத ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அதில் இல்லவே இல்லை. முதல் மூன்று நான்கு வாரங்களுக்கு 150-ஐ ஒட்டி இறக்கி, திங்கள் இரவு எவ்வளவு மீதமிருக்கிறது என்று பாருங்கள். கொஞ்சம் மீந்தால்தான் உண்மையான தேவை எவ்வளவு என்பது தெரியவரும்.

சூரமங்கலம், சூப்பர் மார்க்கெட்: கேட்ட சோப்பு இல்லாதபோது அதே விலையுள்ள வேறு சோப்பைக் கொடுத்து, கேட்ட சோப்பின் கோடிலேயே பில் போட்டுவிடுகிறோம். ஒன்றில் இருப்பு மைனஸ் ஆகிறது, மற்றொன்றில் கூடுகிறது. மாதக் கடைசியில் இரண்டையும் நேர்செய்துவிடுகிறோம். பணக் கணக்கு சரியாக இருப்பதால் இதில் பாதகம் உண்டா?

பணக் கணக்கு சரியாக இருப்பதைத் தவிர மற்ற எல்லாமே பாதகம். வாடிக்கையாளர் கேட்டது எதுவோ அதுவே பில்லில் இருக்கிறது, ஆகவே தேவை பதிவாகிவிட்டது என்று உங்கள் ஆட்களில் யாராவது சமாதானம் சொல்லக்கூடும். சில வேளை ஒப்புக்கொள்ளவும் தோன்றும். ஆனால் எந்த வரி உண்மையான விற்பனை, எது மாற்றிக் கொடுத்தது என்பது பிறகு யாருக்கும் தெரியாது. சரக்கு எந்த மணியில் தீர்ந்தது என்ற தடமும் அழிந்துவிடும், ஏனென்றால் தீர்ந்த பிறகும் அந்தக் கோடில் பில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மேலே செவ்வாய்பேட்டை நண்பருக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கை உங்கள் கடைக்குப் போடவே முடியாது. கொடுத்த சரக்கின் கோடிலேயே பில் போடுங்கள். கேட்ட சரக்கின் பெயரைக் கவுண்டரில் ஒரு நோட்டில் நேரத்துடன் எழுதச் சொல்லுங்கள். இருப்பு மைனஸாகும்போது பில் போட விடாமல் தடுக்கும் வசதி உங்கள் சாஃப்ட்வேரில் இருந்தால், அதை இன்றே இயக்குங்கள். மாதக் கடைசியில் நேர்செய்வது என்று நீங்கள் சொல்வது, தடயத்தைக் கழுவுவது.

ஏற்காடு, பேக்கரிப் பொருள் கடை: சேலத்திலிருந்து காலையில் ஒரு வண்டிதான் மேலே வருகிறது. கோடை விழா நாள்களில் பிரெட் மதியமே தீர்ந்து, மாலையில் வருபவர்கள் பன் வாங்குகிறார்கள். நாள் முழுக்க இல்லாமல் போனால் அந்த நாளை விட்டுவிடலாம். பாதி நாள் இருந்தால் என்ன செய்வது?

நல்ல கேள்வி. பிரெட்டின் கடைசிப் பில் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். அதுதான் தீர்ந்த நேரம். மதியம் இரண்டரை மணிக்கு 90 பாக்கெட்டோடு நின்றுவிட்டது என்று கொள்வோம். இரவு வரை பிரெட் இருந்த வேறொரு விடுமுறை நாளை எடுத்து, அதில் இரண்டரைக்குள் எத்தனை பங்கு விற்றது என்று காணுங்கள். அது நூற்றுக்கு அறுபது என்றால், தீர்ந்த நாளின் தேவை சுமார் 150. பன் விற்பனையை எடுக்கும்போது இரண்டரைக்குப் பிந்தைய கூடுதலைக் கழித்துவிடுங்கள். ஒப்பிடும் நாளும் விடுமுறை நாளாகவே இருக்கட்டும். சுற்றுலாக் கூட்டம் மலைக்கு வரும் நேரமும் உள்ளூர்க்காரர் பிரெட் வாங்கும் நேரமும் வேறு. கடைசி ஒரு மணி நேரத்தில் மட்டும் தீர்ந்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

ஆத்தூர், மருந்துக் கடை: ஒரே மருந்து, மூன்று கம்பெனி. ஒன்று இல்லையென்றால் மற்றொன்று போகிறது. எதை எவ்வளவு ஆர்டர் போடுவது?

மருந்தின் பெயரும் வீரியமும் ஒன்றானால் மூன்றையும் கூட்டி ஒரே சரக்காக முதலில் மொத்தத் தேவையைக் காணுங்கள். பிறகு மூன்றும் இருப்பில் இருந்த நாள்களில் மட்டும் அவை விற்ற விகிதத்தில் அதைப் பிரித்துக்கொள்ளுங்கள். மற்ற நாள்களின் விகிதம், இருந்ததைக் கொடுத்தீர்கள் என்பதைத்தான் சொல்லும். ஆனால் மருத்துவர் சீட்டின் பேரில் மட்டும் தரவேண்டிய அட்டவணை 'எச்' மருந்துகளில், எழுதியதற்குப் பதிலாக வேறொன்றை நீங்களாகக் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. அங்கே ஆள் திரும்பிப் போவதுதான் நடக்கும் என்பதால், அந்த மருந்துகளைக் கம்பெனிவாரியாகத் தனித்தனியே வைத்தே கணக்கிடுங்கள்.

அஸ்தம்பட்டி, வீட்டு டெலிவரி உள்ள கடை: வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் சீட்டைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். இல்லாததற்குப் பதில் பையன்கள் வேறு போட்டு அனுப்புகிறார்கள். பில்லை மட்டும் வைத்திருக்கிறோம், போதுமா?

போதாது. பில்லைவிட அந்தச் சீட்டுதான் மதிப்புள்ளது. கடைக்கு நேரில் வருபவர் காலி அலமாரியைப் பார்த்து வாய் திறக்காமல் போய்விடுவார். வீட்டிலிருந்து எழுதுபவர் தமக்கு வேண்டியதை எழுதிவிடுகிறார். ஆகவே டெலிவரி விற்பனைக்குத் தேவையைச் சீட்டிலிருந்தே எண்ணுங்கள். மாற்றி அனுப்பியவற்றில் எவை திரும்பி வந்தன என்பதையும் குறித்துக்கொண்டால், எந்தச் சரக்குக்கு எது ஈடாகும் என்பது இரண்டு மாதத்தில் தெளிவாகிவிடும். ஒரு பொருள் பல வாரம் இல்லாமலே இருந்தால், வாடிக்கையாளர் அதை எழுதுவதையே நிறுத்திவிடுவார். அப்போது சீட்டையும் நம்ப முடியாது.

ஓமலூர்: போன மாதம் ஒரு டீத்தூள் 300, இன்னொன்று 200 விற்றது. எதைக் கூடுதலாக எடுக்க வேண்டும்? உடனே பதில் தேவை.

இரண்டும் எத்தனை நாள் கடையில் இருந்தன என்பதை எழுதாமல் கேட்டிருக்கிறீர்கள். போன மாதமும் இப்படித்தான் கேட்டிருந்தீர்கள். நாள்வாரி இருப்பை அனுப்புங்கள், பதில் சொல்கிறேன்.