எல்லாவற்றையும் டாலருக்கு மாற்றச் சொன்னேன், பாதி மதிப்பெண்கூட வரவில்லை

கேள்வி: நிதித் திட்டமிடல் தேர்வு எழுதுகிறேன். மாதிரித் தேர்வில் இப்படி ஒரு கேஸ் ஸ்டடி வந்தது. ஒரு நாட்டில் பணவீக்கம் 12%, மத்திய வங்கியின் வட்டி 7%, வளர்ச்சி 1%. எரிபொருளும் மருந்தும் பெரும்பாலும் இறக்குமதி. ஓராண்டில் ஒரு டாலரின் விலை 100 அலகிலிருந்து 125 ஆகிவிட்டது. வாடிக்கையாளருக்கு மாதச் சம்பளம் 1 லட்சம் அலகு, போன வருடச் சம்பள உயர்வு 5%. குடும்பச் செலவு மாதம் 55,000. வங்கி டெபாசிட் 30 லட்சம், வட்டி 8%. வீட்டுக்கடன் பாக்கி 20 லட்சம், மாறும் வட்டி 10%, இன்னும் 10 ஆண்டு. மகளின் வெளிநாட்டுப் படிப்புக்கு 18 மாதத்தில் 12,000 டாலர் கட்ட வேண்டும். என்ன ஆலோசனை சொல்வீர்கள் என்பது கேள்வி. "டெபாசிட்டை உடைத்து எல்லாவற்றையும் டாலருக்கு மாற்ற வேண்டும், கடனை அப்படியே விடலாம், பணவீக்கம் அதைக் கரைத்துவிடும்" என்று எழுதினேன். 20க்கு 8. எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் ஆபத்தைச் சரியாகவே பார்த்திருக்கிறீர்கள். அது ஒரே பக்கத்திலிருந்துதான் வரும் என்று முடிவுகட்டியதில்தான் மதிப்பெண் போயிருக்கிறது.

முதலில் நோய் என்ன என்று பார்ப்போம். வளர்ச்சி 1% என்றால் மக்கள் கையில் பணம் புரண்டு விலை ஏறவில்லை. டாலர் விலை ஏறியதால் எரிபொருளும் மருந்தும் ஏறி, அதன் வழியாக மற்றவையும் ஏறியிருக்கின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள். பணவீக்கம் 12% இருக்கும்போது மத்திய வங்கி வட்டி 7%. அதாவது உள்நாட்டு நாணயத்தை வைத்திருப்பவர் வருடத்துக்கு ஏறக்குறைய 5% இழக்கிறார். அதனால் அதை விற்றுவிட்டு வெளியேறப் பார்க்கிறார்கள், நாணயம் மேலும் சரிகிறது. இந்தச் சுழற்சியை விடைத்தாளில் மூன்று வரியில் எழுதினாலே திருத்துபவருக்கு நம்பிக்கை வந்துவிடும்.

ஒரு சின்ன இடறலையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் விழுகிறார்கள். டாலர் 100லிருந்து 125க்குப் போனால் டாலர் 25% விலை ஏறியிருக்கிறது, ஆனால் நாணயம் இழந்தது 20%தான். முன்பு ஓர் அலகுக்கு ஒரு சென்ட் கிடைத்தது, இப்போது 0.8 சென்ட். கல்விக் கட்டணம் எவ்வளவு கூடியது என்று கேட்டால் 25% என்றுதான் எழுத வேண்டும். 12 லட்சமாக இருந்தது 15 லட்சம் ஆகிவிட்டது.

சரி, இனி மத்திய வங்கி என்ன செய்யும்? இரண்டு வழி இருக்கிறது. நாணயத்தைக் காக்க வட்டியை ஏற்றலாம். அப்படிச் செய்தால் டாலர் இறங்கலாம், ஆனால் கடன்காரர்கள் திண்டாடுவார்கள். அல்லது வளர்ச்சியைக் காக்க வட்டியைக் குறைக்கலாம். துருக்கி 2021 செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில் வட்டியை 19 சதவீதத்திலிருந்து 14க்குக் குறைத்தது. லிரா சரிந்தது, 2022 அக்டோபரில் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தொட்டது.

இதைப் படித்ததும் "பார்த்தீர்களா, டாலர்தான் சரி" என்று உங்களுக்குத் தோன்றலாம். அதே துருக்கியில் 2021 டிசம்பர் 20 அன்று ஒரு டாலர் 18 லிராவைத் தாண்டியது. அன்று மாலையே டெபாசிட்டுகளுக்கு நாணயச் சரிவு இழப்பை ஈடுகட்டுவதாக அரசு அறிவித்தது. அந்த வாரம் முடிவதற்குள் டாலர் 12க்குக் கீழே வந்துவிட்டது. பயந்துபோய் 18இல் வாங்கியவர் சில நாட்களில் மூன்றில் ஒரு பங்கை இழந்தார். டாலர் மறுபடி 18ஐத் தொட்டது 2022 ஆகஸ்டில்தான். நீண்ட காலப் போக்கைச் சரியாகக் கணித்தவருக்கும் இடையில் இப்படி அடி விழும். வேலை போய், அந்த எட்டு மாதத்துக்குள் பணம் தேவைப்பட்டிருந்தால் நஷ்டம் நிரந்தரமாகியிருக்கும்.

இப்போது உங்கள் விடையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 லட்சத்தை 125இல் மாற்றினால் 24,000 டாலர். டாலர் டெபாசிட்டுக்கு 4% வட்டி என்று வைத்துக்கொள்வோம். உள்நாட்டு டெபாசிட்டின் 8 சதவீதத்தை இது எட்ட வேண்டுமென்றால், ஓராண்டில் டாலர் 130ஆவது ஆக வேண்டும் (125 × 1.08 ÷ 1.04). வாங்கி விற்பதில் வங்கி எடுக்கும் வித்தியாசத்தைச் சேர்த்தால் இன்னும் கூடுதலாக. மத்திய வங்கி வட்டியை ஏற்றி டாலர் 115க்கு இறங்கினால் அசலிலேயே 2.4 லட்சம் போகும். இவருடைய குடும்பச் செலவில் டாலரில் போவது கட்டணம் மட்டும்தான். மளிகையும் மாதத் தவணையும் உள்நாட்டு நாணயத்தில்தான் போகின்றன.

ஆகவே என் மாதிரி விடை இதில்தான் தொடங்கும்: எந்தச் செலவு எந்த நாணயத்தில், எப்போது வருகிறதோ, அதற்குரிய பணம் அந்த நாணயத்தில் அந்தத் தேதிக்குத் தயாராக இருக்க வேண்டும்.

கட்டணத்துக்கு 12,000 டாலர் வேண்டும், அதை மட்டும் டாலராக்கலாம். 6,000 டாலர் உடனே. மீதியை மாதம் 1,000 டாலராக ஆறு மாதத்தில். ஒரே நாளில் முழுவதும் வாங்கினால் துருக்கியின் அந்த டிசம்பர் 20 போன்ற ஒரு நாள் நமக்கு அமைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பிரிப்பு. வாங்கியதை டாலர் டெபாசிட்டில் வைத்தால் போதும். 18 மாதத்தில் கட்ட வேண்டிய பணத்தை வெளிநாட்டுப் பங்குகளில் போடக் கூடாது. தங்கத்திலும் வேண்டாம். அதன் விலை டாலரிலேயே ஏறி இறங்கும், கல்லூரி தங்கத்தை வாங்கிக்கொள்ளாது. நாணயம் சரியும் நாடுகளில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு வருவது வழக்கம். அதனால் டாலர் கணக்கு வைக்கச் சட்டம் அனுமதிக்கிறதா, இல்லாவிட்டால் கட்டணத்தை முன்கூட்டியே கல்லூரிக்கு அனுப்ப முடியுமா என்று பார்க்கச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள்.

அடுத்தது கடன். எனக்கு மிகவும் கவலை தந்தது உங்கள் விடையின் இந்தப் பகுதிதான். பணவீக்கம் கடனைக் கரைக்கும் என்பது உண்மை, ஆனால் வட்டி நிலையாக இருக்க வேண்டும், சம்பளமும் விலையோடு ஏற வேண்டும். இவருக்கு இரண்டுமே இல்லை. வட்டி மாறும் வட்டி. விலைவாசி 12% ஏறியபோது சம்பளம் ஏறியது 5%.

இப்போதைய மாதத் தவணை சுமார் 26,430. மத்திய வங்கி நான்கு சதவீதப் புள்ளிகள் ஏற்றி, கடன் வட்டி 14% ஆனால் தவணை சுமார் 31,050. பல வங்கிகள் தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிவிடும். கடன் வாங்கியவருக்கு எதுவும் மாறாதது போலத் தெரியும். ஆனால் 26,430ஐயே கட்டிக்கொண்டிருந்தால் மீதமிருக்கும் 10 ஆண்டு ஏறக்குறைய பதினைந்தரை ஆண்டாகிவிடும். வங்கி ஸ்டேட்மென்டில் மீதித் தவணைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் மட்டுமே இது கண்ணில் படும்.

இதற்கு ஓர் எளிய மருந்து உண்டு. 3 லட்சத்தை அசலில் கட்டிப் பாக்கியை 17 லட்சமாக்கினால், வட்டி 14% ஆனாலும் இன்றைய தவணையே 10 ஆண்டில் கடனை முடித்துவிடும். முழுக் கடனையும் அடைக்கத் தேவையில்லை, அடைத்தால் கையில் பணம் இருக்காது. 11% போல நிலையான வட்டிக்கு மாற்றிக்கொள்ள வங்கி சம்மதித்தால் அதுவும் நல்ல வழி, மாற்றுக் கட்டணத்தைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யலாம்.

மந்த வளர்ச்சியை உங்கள் விடை தொடவே இல்லை. குடும்பத்துக்கு அதன் அர்த்தம் வேலை போகலாம், போனால் அடுத்த வேலை கிடைக்க நாளாகும் என்பதுதான். செலவும் தவணையும் சேர்ந்து மாதம் 81,430. விலை ஏறுவதையும் மனதில் வைத்து ஆறு மாதத்துக்கு 5.2 லட்சம் எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி இருக்கட்டும். விலைவாசி இதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், மறைக்காமல் வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

கட்டணத்துக்கு 15, கடனுக்கு 3, அவசரத்துக்கு 5.2. மீதி 6.8 லட்சம். இதை மூன்று மாதம், ஆறு மாதம் என்று குறுகிய டெபாசிட்டுகளாகப் பிரித்துப் போடலாம். வட்டி ஏறினால் புதுப்பிக்கும்போது கூடுதல் வட்டி கிடைக்கும். நீண்டகாலக் கடன் பத்திரம் இப்போது வேண்டாம். 9% வட்டி தரும் பத்தாண்டுப் பத்திரத்தை 100க்கு வாங்கி, சந்தை வட்டி 13% ஆனால் அதன் விலை சுமார் 78க்கு இறங்கும்.

அப்புறம், திட்டத்தை இரண்டு பாதையிலும் ஓட்டிக் காட்டுங்கள். வட்டி ஏறி, டாலர் 115க்கு இறங்குகிறது என்று வைப்போம். முதல் பாதி 125க்கும் அடுத்த பாதி சராசரி 120க்கும் வாங்கியிருந்தால் கட்டணச் செலவு 14.7 லட்சம். கடைசி வரை காத்திருந்தால் 13.8 லட்சத்தில் முடிந்திருக்கும், 90,000 கூடுதல். மாதத் தவணை ஏறாது, டெபாசிட் வட்டி உயரும். மாறாக, வட்டி குறைந்து 18 மாதத்தில் டாலர் 170 ஆகிறது என்றால், வாங்காமல் இருந்தவருக்கு 20.4 லட்சம் வேண்டும். நம்மவர் இரண்டாவது பாதியைச் சராசரி 135க்கு வாங்கினாலும் மொத்தம் 15.6 லட்சம்தான். கூடுதலாகும் 60,000ஐ அந்த 6.8 லட்சத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு பாதையில் 90,000 விட்டுக்கொடுத்து, மறு பாதையில் 4.8 லட்சம் காப்பாற்றுகிறோம்.

கடைசியாக, எந்த நிலையில் திட்டத்தை மாற்றுவீர்கள் என்று எழுதுங்கள். நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு மூன்று மாத இறக்குமதிக்குக் கீழே போனால், அல்லது வங்கி விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் இடைவெளி வாராவாரம் விரிந்துகொண்டே போனால், ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. மீதி டாலரை உடனே வங்கியில் வாங்கி, முடிந்தால் கட்டணத்தையும் கட்டிவிட வேண்டும். அந்தக் கட்டத்துக்குப் பிறகு டாலர் எவ்வளவு விலை என்பதைவிட, வங்கியில் கிடைக்குமா என்பதே பிரச்சினையாகிவிடும்.