சார்ஜர் சொருகுனா ஜ்ஜ்ஜ்னு சத்தம்: கிரவுண்ட் லூப் கேள்வி பதில்

போன வாரம் கேட்டவங்க எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே பதில் போடுறேன். நம்ம ஊர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கரன்ட்டை வச்சுதான் எல்லாம் சொல்றேன்.

அண்ணா, லேப்டாப் சார்ஜர் சொருகுனா ரெக்கார்டிங்ல ஜ்ஜ்ஜ்னு வருது, கழட்டுனா சுத்தமா இருக்கு. புது சார்ஜர் வாங்கணுமா?

வாங்காதீங்க தம்பி, அனேகமா சார்ஜர் நல்லாத்தான் இருக்கும். எனக்கும் இதே மாதிரி ஆச்சு, அதை எப்படிக் கண்டுபிடிச்சேன்னு சொல்றேன், அதே வழில நீங்களும் போங்க.

என்கிட்ட ஒரு பழைய மிக்ஸர், இரும்பு பாடி, மூணு பின் பிளக். அது ஜன்னல் பக்கம் இருக்கிற சாக்கெட்ல, லேப்டாப் சார்ஜரும் மூணு பின்தான், அது கதவு பக்கம் இருக்கிற சாக்கெட்ல. மிக்ஸர்லேந்து சாதாரண கேபிள்ல இன்டர்ஃபேஸுக்கு, அங்கேந்து யூஎஸ்பி வழியா லேப்டாப்புக்கு. முதல்ல பாத்தது, சத்தம் ஸ்பீக்கர்ல மட்டும் வருதா இல்ல ரெக்கார்ட் ஆன ஃபைல்லயே இருக்கான்னு. ஸ்பீக்கரை ஆஃப் பண்ணி அதோட கேபிளையும் பிடுங்கிட்டு, பத்து செகண்ட் சும்மா ரெக்கார்ட் பண்ணி ஹெட்ஃபோன்ல கேட்டேன். ஃபைல்லயே இருந்துச்சு, அப்ப கோளாறு உள்ள வர்ற பக்கம். ஃபைல் சுத்தமா இருந்து ஸ்பீக்கர்ல மட்டும் கேட்டா, இன்டர்ஃபேஸ்லேந்து ஸ்பீக்கர் போற கேபிளைத்தான் சந்தேகப்படணும், இந்தப் பக்கம் தொடவே வேண்டாம். பல பேர் இதைப் பாக்காம உள்ள வர்ற கேபிளை எல்லாம் மாத்தி காசை விடுறாங்க.

அடுத்து ஒவ்வொண்ணா கழட்டிப் பாத்தேன், கெயினை மட்டும் தொடல, அதைத் திருப்பிட்டா ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட முடியாது. சார்ஜரோட இருக்கும்போது இரைச்சல் மைனஸ் 48 டிபி, பேட்டரில மைனஸ் 71. மறுபடி சார்ஜரை சொருகிட்டு மிக்ஸர் கேபிளை மட்டும் இன்டர்ஃபேஸ்லேந்து உருவுனேன், சத்தம் போயிடுச்சு. அதாவது சார்ஜர் மட்டும் இருந்தா தப்பில்ல, மிக்ஸர் மட்டும் இருந்தாலும் தப்பில்ல, ரெண்டும் கேபிளால சேரும்போதுதான் வருது. அதுதான் லூப்.

காரணம் இதுதான். ஜன்னல் பக்க எர்த்தும் கதவு பக்க எர்த்தும் ஒரே வோல்டேஜ்ல இருக்காது, நடுவுல நீள வயர், அதுல ஃபிரிட்ஜ், மோட்டார்னு எல்லாத்தோட கசிவும் ஓடுது. அந்தச் சின்ன வித்தியாசம் உங்க ஆடியோ கேபிளோட ஷீல்டு வழியா சுத்தி வருது. சாதாரண கேபிள்ல அந்த ஷீல்டேதான் சிக்னலுக்கும் திரும்புற வழி, அதனால அதுல ஏறுற வோல்டேஜ் அப்படியே பாட்டோட கலந்துடும். மிக்ஸரோட அந்த அவுட்ல சிக்னல் 0.3 வோல்ட் சுமாருக்குத்தான் வரும், அதுல 1 மில்லிவோல்ட் கலந்தாலே 50 டிபி கீழ ஒரு இரைச்சல் உக்காந்துக்கும், பாட்டு நிக்கிற இடத்துல எல்லாம் நல்லாவே கேக்கும்.

நான் செஞ்சது, ரெண்டு பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மாத்துனேன். காசு செலவில்லாம 9 டிபி குறைஞ்சுது, முழுசா போகல. மிச்சம் கேபிளை மாத்துனப்பதான் போச்சு, அது கீழ வருது.

நான் சார்ஜர் பிளக்கோட எர்த் பின்னை ஒடச்சிட்டேன், சத்தம் சுத்தமா போச்சு. வீட்ல ஆர்சிசிபி இருக்கு, அதனால பயமில்ல. எல்லாரும் இதையே செய்யலாமே சார்?

லூப் அறுந்ததால சத்தம் போச்சுங்கிறது சரி. ஆனா நீங்க அறுத்தது தப்பான இடம் சார், தயவுசெஞ்சு இன்னைக்கே அந்த பிளக்கை மாத்துங்க. எர்த் இருந்தா, உள்ள ஃபேஸ் பாடியைத் தொட்ட அந்த நிமிஷமே ஆர்சிசிபி ட்ரிப் ஆகிடும், நீங்க பக்கத்துல இல்லாட்டியும். எர்த் இல்லாட்டி அந்தக் கசிவுக்குப் போக வழியே இல்ல, பாடி சும்மா உயிரோட காத்துக்கிட்டு இருக்கும், நீங்களோ உங்க பிள்ளையோ தொட்டதுக்கு அப்புறம்தான் ஆர்சிசிபிக்கே தெரியும். வீட்டுக்குப் போடுறது 30 மில்லி ஆம்பியர்ல விழுறது, அந்த அளவு உங்க உடம்பு வழியாதான் போகணும். அதோட உங்க ரூம்ல பாடுறவங்க உதடு மைக் மேல, கை கிட்டார் கம்பி மேல இருக்கும், அதெல்லாம் அந்த லேப்டாப்போட உலோகத்தால சேர்ந்திருக்கு. லூப்பை ஆடியோ கேபிள்ல அறுக்கணும், கரன்ட் பிளக்ல இல்ல. இதுல மட்டும் நான் விட்டுக் கொடுக்க மாட்டேன்.

என் கீபோர்டு அடாப்டர் ரெண்டு பின், எர்த்தே இல்ல. அப்புறம் எப்படி அண்ணா லூப்? ஆனாலும் சத்தம் வருது.

நல்ல கேள்விம்மா. ரெண்டு பின் அடாப்டர்ல எர்த் லூப் வராது, ஆனா வேற ஒண்ணு வருது. இப்ப வர்ற சின்ன லேசான அடாப்டர்ல, கரன்ட் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் நடுவுல ஒரு சின்ன கெப்பாசிட்டர் வச்சிருப்பாங்க, ரேடியோ இரைச்சலை அடக்க. அது வழியா ரொம்பக் கொஞ்சம் கரன்ட் கசியும். ரெண்டு பின் சார்ஜர்ல லேப்டாப்போட உலோக பாடியை விரலால மெல்லத் தடவுனா ஜிவ்வுனு ஒரு அதிர்வு தெரியுமே, அதேதான். உங்க கீபோர்டுலேந்து அந்தக் கசிவுக்கு எர்த்துக்குப் போக இருக்கிற ஒரே வழி உங்க ஆடியோ கேபிளோட ஷீல்டு, அங்கேந்து இன்டர்ஃபேஸ், லேப்டாப், சார்ஜரோட எர்த்.

இது கேக்கும்போதே வேற மாதிரி இருக்கும். பெரும்பாலும் ம்ம்ம்னு அடக்கமா வராது, கொசு மாதிரி கூர்மையா ஜ்ஜ்ஜ்னு வரும். Audacity இருந்தா அந்தப் பத்து செகண்டை செலக்ட் பண்ணி Analyze மெனுல Plot Spectrum போங்க, Size 16384 வச்சுக்கோங்க, இல்லாட்டி 50ம் 100ம் ஒண்ணா ஒட்டிக்கும். 50ல மட்டும் உயரமா ஒரு மலை நின்னா எர்த் லூப்பையோ, கேபிள் பக்கத்துல இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரையோ சந்தேகப்படலாம். 100, 200, 300னு சீப்புப் பல்லு மாதிரி வரிசையா நின்னா அடாப்டர் கசிவு பக்கம் பாருங்க. இது ஒரு வழிகாட்டிதான், தீர்ப்பு இல்ல. கீபோர்டு பேட்டரில ஓடும்னா போட்டுப் பாருங்க, அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

எனக்கும் இதே பிரச்சனை ப்ரோ, எலெக்ட்ரிக் கிட்டார், கம்பியைத் தொட்டா சத்தம் குறையுது. எந்த அடாப்டர் மாத்தணும்?

உங்களோடது வேற ப்ரோ. கிட்டாரைப் பிடிச்சுக்கிட்டு நாற்காலியோட மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. ஒரு திசைல சத்தம் ஏறி இன்னொரு திசைல இறங்குனா, அது பிக்அப் காத்துலேந்து பிடிக்கிற ஹம், சிங்கிள் காயில்ல வர்றதுதான். கேபிள்ல ஓடுற லூப்புக்கு நீங்க எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கீங்கன்னு தெரியாது. கம்பியைத் தொட்டா குறையுறது உங்க உடம்பு பிடிக்கிற இரைச்சல், கிட்டார் உள்ள ஷீல்டிங் பண்ணா குறையும். மானிட்டர், டியூப் லைட், அடாப்டர் எல்லாத்துலேந்தும் ரெண்டு மூணு அடி தள்ளி உக்காந்து பாருங்க.

கேபிளை நானே சால்டர் பண்ணுவேன். எந்த வயரை எங்க வைக்கணும்னு சொல்லுங்க.

ரெண்டு கோர் மைக் கேபிள் வாங்கிக்கோங்க, உள்ள சிவப்பு, வெள்ளை, சுத்தி பின்னல், அதுதான் ஷீல்டு. மிக்ஸர் பக்கம் ரெண்டு கட்டம் ஜாக், இன்டர்ஃபேஸ் பக்கம் மூணு கட்டம் இருக்கிற டிஆர்எஸ் ஜாக். சிவப்பு ரெண்டு பக்கமும் டிப்ல. வெள்ளை மிக்ஸர் பக்கம் ஸ்லீவ்ல, இன்டர்ஃபேஸ் பக்கம் ரிங்ல. பின்னலை இன்டர்ஃபேஸ் பக்கம் மட்டும் ஸ்லீவ்ல வைங்க, மிக்ஸர் பக்கம் ஓரமா வெட்டி ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடிடுங்க, ஒரு இழை கூட வெள்ளையைத் தொடக்கூடாது. இப்ப இன்டர்ஃபேஸ் சிவப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கும், ரெண்டுலயும் ஒண்ணா ஏறுன இரைச்சல் கழிஞ்சு போகும். என் மிக்ஸர் இதுலதான் மைனஸ் 70க்கு வந்துச்சு, பேட்டரில இருந்த அளவுக்கு ஏறக்குறைய வந்தாச்சு.

இன்டர்ஃபேஸ்ல Inst பட்டன் அழுத்தி இருந்தா இது வேலை செய்யாது, Line ல வைங்க. கிட்டார் மோட்ல பல இன்டர்ஃபேஸ் அந்த ரிங்கைக் கண்டுக்காது.

நான் 20 வருஷமா கச்சேரி சவுண்ட் பாக்குறேன். ரெண்டு பின் கீபோர்டுக்கு ஷீல்டை வெட்டாதீங்க, மோசமாகும். டிஐ பாக்ஸ் போடச் சொல்லுங்க.

அண்ணன் சொல்றது சரி, நான் மேல சொன்னது மிக்ஸர் மாதிரி தனக்குன்னு எர்த் இருக்கிற சாமானுக்கு. ரெண்டு பின் கீபோர்டுல அந்தக் கசிவு எங்கயாவது போயாகணும், ஷீல்டை வெட்டிட்டா கீபோர்டு முழுக்க மிதக்க ஆரம்பிச்சு இரைச்சல் கூடலாம். அதுக்கு வெள்ளையை நான் சொன்ன மாதிரியே வச்சுட்டு, பின்னலை ரெண்டு பக்கமும் ஸ்லீவ்ல வைங்க. கசிவு பின்னல்ல ஓடும், சிக்னலை வெள்ளை தனியா பாத்துக்கும்.

டிஐ பாக்ஸும் நல்ல வழிதான், உள்ள டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிற பாஸிவ் வகை, கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச்சோட. ஆனா அதுலேந்து மைக் லெவல்தான் வரும், மைக் இன்புட்ல போடணும். ரொம்ப மலிவான ஐசொலேட்டர்ல டிரான்ஸ்ஃபார்மர் சின்னது, சத்தமா வாசிக்கும்போது பேஸ் நசுங்கும், தவில் மாதிரி வாத்தியத்துல அது உடனே தெரியும்.

மவுஸை நகர்த்துனா கீச்சுனு ஒரு சத்தம் வருது, கேபிள் எல்லாம் டிஆர்எஸ்தான். யூஎஸ்பி ஐசொலேட்டர் வாங்கட்டுமா?

அது லேப்டாப் உள்ள இருக்கிற பவர் சர்க்யூட்டோட சத்தம், யூஎஸ்பி கிரவுண்ட் வழியா இன்டர்ஃபேஸுக்கு ஏறுது. வாங்குறதுக்கு முன்னாடி வேகத்தைப் பாருங்க, மலிவா கிடைக்கிற ஐசொலேட்டர் நிறைய 12 எம்பிபிஎஸ் தான், 480 எம்பிபிஎஸ் கேக்குற யூஎஸ்பி 2 இன்டர்ஃபேஸ் அதுல ஓடாமலே போகலாம். 480 தாங்குறது இருக்கு, விலை அதிகம். முதல்ல இன்டர்ஃபேஸுக்குத் தனி அடாப்டர் போட வழி இருந்தா போடுங்க, இல்ல தனி அடாப்டரோட வர்ற ஹப் வழியா சொருகிப் பாருங்க. ஹப்ல கிரவுண்ட் ஒண்ணாத்தான் இருக்கும், அதனால சிலருக்குப் போகும், சிலருக்குப் போகாது, என்கிட்டயே ஒரு லேப்டாப்ல சத்தம் போச்சு, இன்னொண்ணுல போகல. பேட்டரில இருக்கும்போதும் அந்தக் கீச்சு வருதான்னு பாத்துச் சொல்லுங்க, ஸ்பீக்கர் கேபிளைக் கழட்டிட்டு ஹெட்ஃபோன்ல கேட்டது என்னன்னும் எழுதுங்க.